பத்து மணி என்றால் எந்த ஊர்ப் பத்து மணி?

‘வாராந்திரக் கூட்டம் – வியாழன் – 10:00 EST’. சென்னை, லண்டன், நியூயார்க் என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஒரே வேலையைப் பார்க்கும் குழுக்களின் பொது அட்டவணையில் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம். யாரோ ஒருவர் என்றைக்கோ எழுதி வைத்தது. அதைப் பார்த்து ஒவ்வொருவரும் தம் ஊர் நேரத்தை மனக்கணக்காகப் போட்டுக்கொள்வார்கள். சென்னையில் இருப்பவருக்கு இரவு எட்டரை, லண்டனில் இருப்பவருக்குப் பிற்பகல் மூன்று. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் இந்தக் கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகாது. மார்ச் இரண்டாவது வாரத்தில் சென்னைக்காரர் வழக்கம்போல எட்டரைக்கு லாகின் செய்கிறார். கூட்டம் முடிந்து எல்லோரும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் தாமதமாக வரவில்லை. அட்டவணையை யாரும் திருத்தவும் இல்லை. நியூயார்க் குழுவும் தன் பத்து மணிக்குத்தான் கூடியது. மூன்று பேரும் சரியாக நடந்துகொண்டும் கூட்டம் கைநழுவிப்போகிறது என்றால், கோளாறு அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

2025-ஆம் ஆண்டின் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் தெளிவாகப் புரியும். மார்ச் 6 வியாழக்கிழமை. நியூயார்க்கில் காலை பத்து, லண்டனில் பிற்பகல் மூன்று, சென்னையில் இரவு எட்டரை. மார்ச் 9 ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. கோடைப் பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஆண்டுதோறும் செய்வதுதான், நம் ஐ.டி. ஆட்கள் ‘டேலைட் சேவிங்’ என்று சொல்வது. ஆகவே மார்ச் 13, 20, 27 ஆகிய மூன்று வியாழக்கிழமைகளில் நியூயார்க்கில் பத்து மணி அடித்தபோது லண்டனில் மணி இரண்டு, சென்னையில் ஏழரை. மார்ச் 30 ஞாயிறன்று லண்டனும் கடிகாரத்தை முன்னே தள்ளியது. ஏப்ரல் 3 வியாழனன்று லண்டனில் மறுபடியும் மூன்று மணி. சென்னையில் மட்டும் ஏழரை ஏழரையாகவே நின்றுவிட்டது.

ஒரே கூட்டத்தைப் பற்றி இந்த மூன்று ஊர்க்காரர்களையும் தனித்தனியே கேட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள். ‘நேரம் மாறவே இல்லையே, எப்போதும் பத்துதான்’ என்பார் நியூயார்க்காரர். ‘நடுவில் மூன்று வாரம் மட்டும் ஏதோ குளறுபடி, அப்புறம் சரியாகிவிட்டது’ என்பார் லண்டன்காரர். ‘மார்ச்சிலிருந்து கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள்’ என்பார் சென்னைக்காரர். மூவர் சொல்வதும் உண்மை. அந்த மூன்று வாரத்தில் யாராவது நல்லெண்ணத்தோடு ஷீட்டைத் திறந்து நேரத்தைத் ‘திருத்தினால்’ நிலைமை இன்னும் மோசமாகும். தம் மூன்று மணியைத் திரும்பப் பெற லண்டன்காரர் பத்தை அழித்துப் பதினொன்று என்று போட்டால், மார்ச் இறுதியில் அது லண்டனுக்கே நான்கு மணியாகிவிடும். அவரே மறுபடி திருத்துவார். அதற்குள் சென்னைக்காரர் பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு போயிருப்பார்.

இலையுதிர் காலத்தில் இதே கதை தலைகீழாக நடக்கும். 2025-இல் லண்டன் அக்டோபர் 26 அன்றே பழைய நேரத்துக்குத் திரும்பியது, நியூயார்க் நவம்பர் 2 அன்று. இடைப்பட்ட அக்டோபர் 30 வியாழன் ஒரே ஒரு நாள் லண்டனில் கூட்டம் இரண்டு மணிக்கு. நவம்பர் 6 முதல் பழையபடி மூன்று மணி, எட்டரை மணி.

இந்த மூன்று வார இடைவெளி பழங்காலத்திலிருந்து வருவதல்ல. 2006 வரை அமெரிக்கா ஏப்ரல் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றியது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைவெளி ஒரே வாரம்தான். அக்டோபரில் இரண்டும் ஒரே நாளில், மாதத்தின் கடைசி ஞாயிறன்று திரும்பின. மின்சாரச் செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு அமெரிக்க நாடாளுமன்றம் 2005-இல் ஓர் எரிசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2007 முதல் அமெரிக்கக் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறில் தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறில் முடிகிறது. ஐரோப்பா தன் தேதிகளை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டைப் பொறுத்து வசந்தத்தில் இரண்டு அல்லது மூன்று வாரம், இலையுதிரில் ஒரு வாரம் என இரு கண்டங்களும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் நிற்பது அன்றிலிருந்துதான். தெற்கே ஆஸ்திரேலியாவில் பருவமே எதிர்ப்பக்கம் என்பதால் கடிகாரமும் எதிர்ப்பக்கம் திரும்பும். லண்டனுக்கும் சிட்னிக்கும் 2025 மார்ச் 29 வரை பதினொரு மணி நேர வித்தியாசம் இருந்தது. மறுநாள் பத்து, அடுத்த ஞாயிறான ஏப்ரல் 6 அன்று ஒன்பது. எட்டு நாளைக்குள் இரண்டு மணி நேரம் காணாமல் போயிற்று.

இதில் அதிகம் அடிபடுவது கடிகாரத்தைத் தொடாத ஊர்தான். நியூயார்க்கில் இருப்பவருக்குத் தூக்கம் ஒரு மணி நேரம் குறைகிறது, செய்தியில் சொல்கிறார்கள், அடுப்படிக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார். ஏதோ மாறியிருக்கிறது என்பது அவருக்கு உடம்பிலேயே தெரியும். சென்னையில் அன்று ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. அறிகுறி எதுவும் கிடையாது. திங்கள் காலை அலுவலக வாட்ஸாப் குழுவில் ‘இன்னைக்கு கால் ஏழரையா எட்டரையா?’ என்று யாராவது கேட்பதுதான் முதல் அறிகுறி. எட்டரைக் கூட்டத்தை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழு மணி கேபுக்குப் பெயர் கொடுத்தவர், ஏழரைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பதில் சொல்லும்படி ஆகிறது. குழந்தைக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு கொடுக்கும் வழக்கமும், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துத் தரும் நேரமும் அதோடு சேர்ந்து நகரவேண்டியிருக்கிறது. எட்டு மாதத்துக்கு மாறப்போகும் ஒரு விஷயத்தை முதல் நாள் மாலையில் தெரிந்துகொள்ளும்படி விடுவது நியாயமில்லை.

சரி, அந்த EST என்ற மூன்றெழுத்து நேரத்தைத் தெளிவாக்கத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். தெளிவாக்குவதற்குப் பதில் அது ஒரு பொறியாகிவிடுகிறது. EST என்பது அமெரிக்கக் கிழக்குக் கரையின் குளிர்கால நேரம் மட்டுமே, உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து ஐந்து மணி பின்னால். கோடையில் நியூயார்க் இருப்பது EDT என்ற நேரத்தில், நான்கு மணி பின்னால். ஜூலை மாதத்தில் ‘10:00 EST’ என்று எழுதுகிறவர் அநேகமாக எப்போதும் நியூயார்க் சுவர்க் கடிகாரத்தின் பத்து மணியைத்தான் சொல்கிறார். அது சென்னையில் இரவு ஏழரை. ஆனால் எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும் ஒரு மென்பொருளிலோ நேரமாற்ற இணையதளத்திலோ EST என்று தட்டினால் எட்டரை என்று வரக்கூடும். எழுதியவர் நினைத்தது ஒன்று, எழுதியது வேறொன்று. படிப்பவர் எதை நம்புவது?

விண்டோஸ் கணினி இந்தக் குழப்பத்துக்குத் தன் பங்கையும் சேர்க்கிறது. அதன் நேர அமைப்புப் பட்டியலில் நியூயார்க்குக்கான வரி ‘(UTC-05:00) Eastern Time (US & Canada)’ என்று ஆண்டு முழுவதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த எண் குளிர்கால அளவு. கோடையில் கணினி தானாகவே ஒரு மணியைச் சேர்த்துச் சரியாகக் காட்டிவிடும், பட்டியலில் உள்ள எண் மட்டும் மாறாது. அதைப் பார்த்து ஜூலையில் கையால் கணக்குப் போடுகிறவர் ஒரு மணி நேரம் தவறுவது உறுதி.

நம் பக்கத்து IST இன்னும் சிக்கல். சென்னையில் அது இந்திய நேரம். டப்ளினில் கோடை நேரத்தின் சட்டப்பூர்வமான பெயர் ஐரிஷ் ஸ்டாண்டர்ட் டைம், அதன் சுருக்கமும் IST. இஸ்ரேலும் தன் நேரத்தை அப்படியே சுருக்குகிறது. பெரிய கணினி நிறுவனங்கள் பலவற்றுக்கு டப்ளினிலும் இந்தியாவிலும் அலுவலகங்கள் உண்டு. ஜூன் மாதத்தில் ‘3 மணி IST’ என்ற ஒரு மின்னஞ்சல் இரு அலுவலகங்களுக்கும் போனால், இரண்டிலும் யாருக்கும் சந்தேகமே வராது. நாலரை மணி நேர இடைவெளியில் இரண்டு கூட்டங்கள் கூடும். CST என்றால் டாலஸுக்கு ஒரு பொருள், ஷாங்காய்க்கு வேறு பொருள். இரண்டுக்கும் நடுவே பதினான்கு மணி நேரம். சுருக்கெழுத்துகளை உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பங்கிட்டுக் கொடுத்த அமைப்பு எதுவும் இல்லை. அந்தந்த ஊரின் பழக்கத்தில் வந்தவை அவை, அந்தந்த ஊருக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

இனி அட்டவணைக்கு வருவோம். பல குழுக்கள் இதை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ வைத்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் 10:00 என்று தட்டினால் அந்த மென்பொருள் அதை ஒரு பின்னமாகவே சேமிக்கிறது. ஒரு நாளை ஒன்று என்று வைத்தால் காலை பத்து என்பது 0.41667, இரவு ஏழரை என்பது 0.8125. அவ்வளவுதான். எந்த ஊர் என்ற தகவலுக்கு அந்தக் கட்டத்தில் இடமே கிடையாது. கூகுள் ஷீட்டின் அமைப்புகளில் நேர மண்டலம் என்று ஒன்று இருப்பது உண்மை. அது ‘இப்போது மணி என்ன’ என்று கேட்கும் சூத்திரங்களுக்குத்தான் உதவும். கையால் தட்டிய பத்து மணியை அது சென்னைக்காரருக்கு ஏழரை என்று மாற்றிக் காட்டாது. ஷீட்டை உலகின் எந்த மூலையிலிருந்து திறந்தாலும் பத்து பத்தாகவே தெரியும்.

இதே ஷீட்டை ஒருவர் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, ‘எல்லோரும் உங்கள் கேலண்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்புவதும் நடக்கிறது. கூகுள் கேலண்டர் ஏற்றுக்கொள்ளும் சிஎஸ்வி வடிவத்தில் நேர மண்டலத்துக்கென்று ஒரு பத்தி இல்லை. ஏற்றுகிறவரின் கேலண்டர் எந்த ஊரில் அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஊர்ப் பத்து மணியாக அது உட்கார்ந்துவிடும். சென்னைக்காரருக்குக் காலை பத்து, லண்டன்காரருக்கும் காலை பத்து, நியூயார்க்காரருக்கும் காலை பத்து. மூவரின் கைபேசியும் சரியாக மணியடிக்கும், மூவரும் ஆளில்லாத அறையில் காத்திருப்பார்கள்.

ஷீட்டை விட்டுவிட்டு முறையான கேலண்டர் அழைப்பு அனுப்பினால் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும். முழுவதும் தீராது. ஏன் என்று புரிய அந்த அழைப்பின் உள்ளே ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும். கூகுள், அவுட்லுக், ஆப்பிள் என எந்தக் கேலண்டரிலிருந்து வந்தாலும் அழைப்புகள் ஐகேலண்டர் என்ற பொது வடிவத்தில் பரிமாறப்படுகின்றன. அதில் தொடக்க நேரத்தை மூன்று விதமாக எழுதலாம்:

```
DTSTART;TZID=America/New_York:20250306T100000
DTSTART:20250306T150000Z
DTSTART:20250306T100000
```

முதல் வரி, நியூயார்க் ஊரின் பத்து மணி என்கிறது. நியூயார்க் கடிகாரம் நகர்ந்தால் வாராந்திரக் கூட்டமும் கூடவே நகரும். இரண்டாவது வரியின் கடைசியில் உள்ள Z என்ற எழுத்து, இது உலகப் பொது நேரம் பதினைந்து மணி என்கிறது. அது எந்த ஊர்க் கடிகாரத்துக்காகவும் நகராது. மூன்றாவது வரியில் ஊரும் இல்லை, Z-உம் இல்லை. நீ எங்கே இருக்கிறாயோ அங்கே பத்து மணி என்று அதற்குப் பொருள். தினமும் காலை எட்டுக்கு மாத்திரை சாப்பிட நினைவூட்டுவதற்கு இது பொருத்தமான வடிவம். கூட்டத்துக்கு இதைப் பயன்படுத்தினால் சிஎஸ்வி கதைதான்.

மார்ச் 6 அன்று மட்டும் பார்த்தால் முதல் வரியும் இரண்டாவது வரியும் ஒரே கணத்தைத்தான் குறிக்கின்றன. வேறுபாடு அடுத்த வாரம்தான் வெளியே வரும். முதல் வகை அழைப்பில் சென்னைக்கு ஏழரையாகும், நியூயார்க் பத்திலேயே இருக்கும். இரண்டாவது வகையில் சென்னை எட்டரையில் நிற்கும், நியூயார்க்காரரின் கேலண்டரில் கூட்டம் பதினொன்றுக்குத் தாவி, அங்கே ஏற்கெனவே இருக்கும் வேறொரு கூட்டத்தின் மேல் போய் உட்காரும். சென்னையில் உள்ள ஒருங்கிணைப்பாளர் தம் கணினியில் ‘இரவு 8:30’ என்று போட்டு அழைப்பு அனுப்பினாலும் இதே விளைவுதான், ஏனெனில் அது Asia/Kolkata என்ற ஊர்ப்பெயரோடு போகிறது, கொல்கத்தாவின் கடிகாரம் நகர்வதில்லை. ஆக, தொடர்ந்து நடக்கும் எந்தக் கூட்டத்துக்கும் ஏதோ ஓர் ஊர் நங்கூரமாக இருந்தே தீரும். அந்த ஊர் எது என்று குழுவில் யாரும் பேசி முடிவெடுப்பதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். முதலில் அழைப்பை உருவாக்கியவரின் கணினி அந்த முடிவை எடுத்துவிடுகிறது.

உங்கள் கூட்டத்தின் நங்கூரம் எது என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. சென்னையில் அமைத்த கேலண்டரில் அந்தத் தொடர் கூட்டத்தைப் பிப்ரவரி, மார்ச் நடுப்பகுதி, ஏப்ரல் என்று வாரம் வாரமாகப் புரட்டிப் பாருங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் கூட்டம் அமெரிக்க ஊர் ஒன்றில் கட்டப்பட்டிருக்கிறது. கடைசி ஞாயிறுக்குப் பிறகு முன்னால் வந்தால் ஐரோப்பிய ஊர். நகரவே இல்லை என்றால் இந்திய நேரத்திலோ யூடிசியிலோ இருக்கிறது, அங்கே நியூயார்க்காரருக்குத்தான் சங்கடம் காத்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை. பொது ஷீட்டில் உள்ள நேரமும் கேலண்டரில் உள்ள நேரமும் பிப்ரவரியில் பொருந்தி, மார்ச் நடுவில் பிரிந்து போவதும் இதில் உடனே தெரிந்துவிடும்.

‘எல்லாவற்றையும் யூடிசியில் எழுதிவிட்டால் தொல்லை இல்லையே’ என்பது பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்வு. நடந்து முடிந்த ஒன்றைப் பதிவு செய்ய அது சிறந்த வழி. சர்வர் எத்தனை மணிக்கு விழுந்தது என்பதை யூடிசியில் எழுதினால் எந்த நாட்டுக்காரருக்கும் குழப்பம் வராது. வரப்போகும் கூட்டத்துக்கு அது போதாது. மனிதர்கள் யூடிசிப்படி குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. அதோடு, இன்னும் வராத ஒரு நாளின் ஊர் நேரம் யூடிசியில் என்னவாக இருக்கும் என்பதை அரசாங்கங்கள் நினைத்த மாத்திரத்தில் மாற்றிவிடலாம். 2023-இல் லெபனானில் அப்படித்தான் நடந்தது.

அந்த ஆண்டு மார்ச் 26 ஞாயிறன்று லெபனான் வழக்கம்போலக் கோடை நேரத்துக்கு மாறவேண்டும். மூன்று நாளுக்கு முன், மார்ச் 23 அன்று, ரம்ஜான் நோன்பு முடியும்வரை மாற்றத்தைத் தள்ளிவைப்பதாக இடைக்காலப் பிரதமர் நஜீப் மிகாத்தியின் அரசு அறிவித்தது. மரோனைட் கிறிஸ்தவத் திருச்சபை அதை ஏற்க மறுத்துக் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. சில தொலைக்காட்சி நிலையங்களும் மாற்றின. ஒரே தெருவில் இரண்டு நேரம். எதிர்ப்பு வலுத்ததால் 27-ஆம் தேதி அமைச்சரவை முடிவைத் திரும்பப் பெற்றது. 29-ஆம் தேதி நள்ளிரவில் நாடு முழுவதும் கடிகாரம் மாறியது.

பிப்ரவரியிலேயே ‘மார்ச் 28 செவ்வாய், பெய்ரூட் காலை பத்து மணி’ என்று ஒரு கூட்டம் முடிவாகியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதைய விதிப்படி அதை யூடிசி ஏழு மணி என்று மாற்றிச் சேமித்திருந்தால், அரசின் அறிவிப்புக்குப் பிறகு அது பெய்ரூட் அரசு நேரப்படி காலை ஒன்பதாகிவிடும். ‘பெய்ரூட், பத்து மணி’ என்று ஊரோடு சேமித்திருந்தால், புதிய விதி கணினிக்குத் தெரிந்தவுடன் பத்து பத்தாகவே நின்றிருக்கும். ஊர்ப்பெயரின் பலன் அதுதான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஊரே இரண்டு நேரமாகப் பிரிந்து நின்ற அந்த நாட்களில், போன் போட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

புதிய விதி கணினிக்கு எப்படித் தெரிகிறது? America/New_York, Asia/Kolkata போன்ற பெயர்கள் வருவது ஒரு பொதுத் தரவுத்தளத்திலிருந்து. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980-களில் தொடங்கியது. பிறகு பால் எக்கர்ட் பொறுப்பேற்றார், தன்னார்வலர்கள் கூடிப் பராமரிக்கிறார்கள். 2011 முதல் ஐயானா என்ற இணைய முகவரிகளுக்கான அமைப்பு அதற்கு இடம் கொடுத்து வெளியிட்டுவருகிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனும் ஐபோனும் நேரம் காட்டுவது இதை நம்பித்தான். லெபனான் குழப்பத்தின்போது மார்ச் 23 அன்றே இவர்கள் 2023b என்ற பதிப்பில் தள்ளிவைப்பைச் சேர்த்தார்கள், 28 அன்று 2023c என்ற பதிப்பில் அதை நீக்கினார்கள். ஆனால் ஒரு பதிப்பு வெளியாவதற்கும் அது ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் போய்ச் சேர்வதற்கும் வாரங்கள், சிலவற்றில் மாதங்கள் ஆகும். 2022 அக்டோபரில் மெக்சிகோ கோடை நேரத்தையே கைவிட்டது, அமெரிக்க எல்லையோர ஊர்கள் சிலவற்றைத் தவிர. அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படாத கணினி மெக்சிகோ நகரக் கூட்டத்தைக் கோடை முழுவதும் ஒரு மணி நேரம் தவறாகவே காட்டும்.

இந்தத் தரவுத்தளத்தில் Asia/Colombo என்ற பெயரின் கீழ் உள்ள வரலாறு தமிழ் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். மின்பற்றாக்குறையால் இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில் மறுபடி இந்திய நேரத்தோடு சேர்ந்துகொண்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அந்தப் பத்தாண்டில் ‘இலங்கை நேரம் ஒன்பது மணி’ என்று யாராவது எழுதியிருந்தால், கொழும்பா வன்னியா என்று கேட்டிருக்கத்தான் வேண்டும்.

அமெரிக்க மேற்குக் கரையோடு வேலை செய்யும் தமிழ்க் குழுக்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் வியாழன் பிற்பகல் ஒரு மணி என்றால் சென்னையில் வெள்ளி அதிகாலை ஒன்றரை. நம் பேச்சில் அதை யாரும் வெள்ளி என்று சொல்வதில்லை. ‘வியாழக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி’ என்றுதான் சொல்வோம். பஞ்சாங்கத்திலும் கிழமை சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. கேலண்டருக்கோ நள்ளிரவு பன்னிரண்டில் நாள் மாறிவிடும். ஷீட்டில் ‘வெள்ளி 1:30’ என்று மொட்டையாக எழுதியிருப்பதைப் பார்த்து ஒருவர் வெள்ளி பிற்பகல் வருவார், இன்னொருவர் வெள்ளி இரவு வருவார். நள்ளிரவைத் தாண்டும் எந்தக் கூட்டத்துக்கும் ‘வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி, அதிகாலை 1:30’ என்று இரண்டு கிழமையையும் போட்டுத் தேதியையும் எழுதுவது ஒன்றே பாதுகாப்பு.

பொது அட்டவணையை எப்படி எழுதினால் இத்தனையும் அடங்கும்? தலைப்பில் EST, IST எதுவும் வேண்டாம், ‘நியூயார்க் நேரம்’ என்று ஊர்ப்பெயரைப் போடவேண்டும். அந்தப் பத்திதான் மூலம், மற்றவை அதிலிருந்து கணக்கிடப்பட்டவை என்று ஒரு வரி எழுதி வைக்கவேண்டும். பிறகு ‘ஒவ்வொரு வியாழனும்’ என்று ஒரே வரியில் முடிக்காமல், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேதியோடு ஒரு வரி. அதில் லண்டன் நேரமும் சென்னை நேரமும் பக்கத்திலேயே. மார்ச் 13-ஆம் தேதி வரியில் ‘நியூயார்க் 10:00, லண்டன் 14:00, சென்னை 19:30’ என்று இருந்தால் யாரும் மனக்கணக்குப் போடவேண்டியதில்லை. ஒரு எண் தவறாக இருந்தாலும் அந்த ஊர்க்காரர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். கேலண்டர் அழைப்பை உருவாக்கும்போது, அனுப்புகிறவர் சென்னையில் இருந்தாலும், நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள நேர மண்டலத் தேர்வில் மூல ஊரையே தேர்ந்தெடுக்கவேண்டும். ஷீட்டும் அழைப்பும் ஒரே ஊரில் கட்டப்பட்டிருந்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகாது.

எந்த ஊரை மூலமாக வைப்பது என்பதைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் இருக்கும் ஊர்தான் என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிடத் தேவையில்லை. குழுவில் பாதிப்பேர் சென்னையில் இருந்தால், எட்டரை எட்டரையாகவே இருக்கட்டும், நியூயார்க் கோடையில் பதினொன்றுக்கு வரட்டும் என்று கேட்பதில் தவறில்லை. அட்டவணையைப் பராமரிப்பவர் இன்னொன்றும் செய்யலாம்: கடிகாரம் மாறும் தேதிகளை ஷீட்டின் உச்சியில் எழுதி வைத்து, ஒரு வாரம் முன்னதாகவே சென்னைக் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். இப்போதைய விதிகளின்படி 2026-இல் அமெரிக்கா மார்ச் 8, நவம்பர் 1. பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் 29, அக்டோபர் 25. 2027-இல் அமெரிக்கா மார்ச் 14, நவம்பர் 7. பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் 28, அக்டோபர் 31.